நவம்பர் பில்: கிரெடிட்டும் கட்டண விவரமும் கோரி

பெறுநர்: பில்லிங் பிரிவு, சென்னை அலுவலகம்
தேதி: 3 டிசம்பர் 2025
கணக்கு எண்: 70418-2296, இன்வாய்ஸ் எண்: 25-11-048813

வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் கண்காணிப்பு மென்பொருள் நடத்தும் சிறு நிறுவனம் எங்களுடையது. உங்கள் மும்பை ரீஜியனில் இரண்டு சர்வர், ஒரு டேட்டாபேஸ், டிசைன் படங்களுக்கான ஸ்டோரேஜ், அவ்வளவுதான் வைத்திருக்கிறோம். மாதா மாதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 12,500 ரூபாயை ஒட்டித்தான் பில் வரும். நவம்பருக்கு 1,37,352 ரூபாய் வந்திருக்கிறது.

வரிக்கு முந்தைய தொகை 1,16,400. அதில் சர்வர் 4,850, டேட்டாபேஸ் 3,400, ஸ்டோரேஜ் 1,350. இவை வழக்கமானவை, இவற்றில் எந்தத் தகராறும் இல்லை. மீதி 1,06,800 ரூபாயும் ‘நெட்வொர்க், டேட்டா டிரான்ஸ்ஃபர் மற்றும் இதர’ என்று ஒரே வரியில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் பணம் கேட்கும் வரியில் ‘இதர’ என்றால் யார் என்ன புரிந்துகொள்வது?

எங்களால் முடிந்தவரை கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாடிக்கையாளர்கள் மென்பொருளைப் பயன்படுத்தியதற்கான இணையப் போக்குவரத்து, எங்கள் வெப் சர்வர் லாக் படி, 870 ரூபாய்க்கு மேல் வராது. மிஞ்சுவது 1,05,930. உங்கள் விலைப்பட்டியலில் நாட் கேட்வே வழியாகப் போகும் டேட்டாவுக்கு ஜிபிக்கு 5.35 ரூபாய். வகுத்தால் சரியாக 19,800 ஜிபி. எங்கள் ஸ்டோரேஜில் இருப்பதே மொத்தம் 900 ஜிபிதான். தினமும் அதிகாலை 2 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் அந்த 900 ஜிபியையும் படித்து, கோப்புகள் கெடாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும். வெளிநாட்டு பையர் ஒப்புதல் கொடுத்த படம் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க முடியாது. நவம்பர் 9 முதல் 30 வரை 22 நாள். 22 × 900 = 19,800.

இதே ஸ்கிரிப்ட் ஒரு வருடத்துக்கு மேலாக ஓடுகிறது. ஒரே ரீஜியனுக்குள் ஸ்டோரேஜுக்கான பிரைவேட் எண்ட்பாயிண்ட் வழியாகப் போனதால் அதற்குக் கட்டணமே வந்ததில்லை. நவம்பர் 8 இரவு 11 மணிக்கு நெட்வொர்க் பராமரிப்பு நடக்கும் என்று நீங்கள் மெயில் அனுப்பியிருந்தீர்கள். அதற்குப் பிறகு எங்கள் ரூட் டேபிளில் ஸ்டோரேஜுக்கான வரி காணவில்லை. அது போனதும் எல்லாப் போக்குவரத்தும் `0.0.0.0/0` வரியைப் பிடித்து நாட் கேட்வே பக்கம் திரும்பிவிட்டது. சேவை நிற்காததால் எங்களுக்கும் தெரியவில்லை. எங்கள் கணக்கிலிருந்து யாரும் ரூட் டேபிளைத் தொட்டதாக ஆடிட் லாகில் பதிவு இல்லை. அதன் பிரதியை இணைத்திருக்கிறேன்.

நேற்று பில்லைப் பார்த்ததும் எங்கள் பொறியாளர் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தார். இன்று அதிகாலை ஸ்கிரிப்ட் வழக்கம்போல ஓடியது, நாட் கேட்வே கணக்கு ஏறவில்லை. காரணம் வேறு என்று உங்கள் தரப்பில் சொல்வதானால் ஆதாரத்தோடு சொல்லுங்கள், கேட்கத் தயார்.

இன்னொரு விஷயம். 15,000 ரூபாயைத் தாண்டினால் மெயில் வரும்படி அலர்ட் வைத்திருந்தோம். கணக்குப்படி நவம்பர் 12-க்குள் அது வந்திருக்க வேண்டும். வந்ததோ டிசம்பர் 1 அன்று. பில்லிங் தகவல் சில மணி நேரம் தாமதமாகும் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் இருக்கிறது, சரி. மூன்று வாரத்துக்குப் பெயர் தாமதமா?

எனவே 1,05,930 ரூபாயையும் அதன் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. 19,067.40 ரூபாயையும் சேர்த்து 1,24,997.40 ரூபாய் கிரெடிட் தர வேண்டும். அதை வாலட்டில் ‘புரமோஷனல் கிரெடிட்’ என்று ஏற்றிவிட வேண்டாம். மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 34-ஆம் பிரிவின்படி இந்த இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட்டாகவே கொடுங்கள். இல்லாவிட்டால் வரிக்கணக்கில் எங்கள் ஆடிட்டர் மாட்டிக்கொள்வார். டிசம்பர் 1, 2 அதிகாலைகளிலும் இதே கட்டணம், 9,630 ரூபாய், ஏறியிருக்கும். அதை அடுத்த பில்லுக்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

கூடவே, அந்த ஒற்றை வரியின் முழு விவரமும் சி.எஸ்.வி. கோப்பாக வேண்டும்: மணிவாரியாக, எந்த ரிசோர்ஸ், எங்கிருந்து எங்கே, எத்தனை ஜிபி, என்ன விலை. நவம்பர் 8 இரவு எங்கள் நெட்வொர்க்கில் உங்கள் பக்கம் என்னென்ன மாற்றினீர்கள் என்பதும் வேண்டும்.

தகராறு இல்லாத 12,354.60 ரூபாயை இன்றே நெட்பேங்கிங்கில் செலுத்திவிட்டேன். முழுத்தொகைக்கான ஆட்டோ டெபிட், 15,000-க்கு மேல் என்பதால் ஓ.டி.பி. கேட்டு நிற்கிறது. அதற்கு நான் ஒப்புதல் தரப்போவதில்லை. விசாரணை முடியும்வரை ‘பாக்கி’ என்று காட்டி சர்வரை நிறுத்துவதோ தாமதக் கட்டணம் போடுவதோ கூடாது. எங்களை நம்பி இருபதுக்கும் மேற்பட்ட யூனிட்டுகள் தினமும் டிஸ்பேட்ச் போடுகின்றன. நிறுத்த மாட்டோம் என்ற உறுதியை மட்டும் நாளை மாலைக்குள் மெயிலில் தெரிவியுங்கள். மற்றவற்றுக்கு டிசம்பர் 12 வரை காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்
திருப்பூர்

இணைப்பு: நவம்பர் இன்வாய்ஸ், ஆடிட் லாக், ஸ்கிரிப்ட் ஓடிய பதிவுகள், பராமரிப்பு மெயில், பணம் செலுத்திய ரசீது