குடிச்சாச்சா? சாவியைக் கொடுத்தாச்சா?

அம்மன் கோயில் கொடைக்கு வந்திருக்கும் எல்லாருக்கும்: மும்பையிலிருந்து வந்தவர்கள், திருப்பூரிலிருந்து வந்தவர்கள், இந்த ஊரைவிட்டு எங்கும் போகாதவர்கள்.

குடிப்பது சரியா தப்பா என்று இங்கே யாரும் பேசப்போவதில்லை. அது அவரவர் வீட்டுப் பஞ்சாயத்து. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அது ஊர்ப் பஞ்சாயத்து.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாமக்கொடை முடிய எப்படியும் ரெண்டு மணி ஆகும். அதற்குப் பிறகு நம்மூர் ரோட்டில் நடப்பது யார் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மாவிளக்குத் தட்டோடு அம்மாக்கள், தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாக்கள், வளையல் கடையை மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள். நான்குவழிச்சாலையில் ஏறுகிற இடத்தில் விளக்கும் கிடையாது. கொஞ்ச தூரம் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வண்டியை விடுகிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. நாகர்கோவிலிலிருந்து வரும் லாரிக்காரருக்கு இன்றைக்கு இங்கே கொடை என்று தெரியாது.

அதனால் ஒரு ஏற்பாடு. கலையரங்கத்துக்கு வலப்பக்கம், செருப்பு விடும் இடத்தை ஒட்டி ஒரு மேசை போட்டிருக்கிறோம். சாவியைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். மேசையில் இருக்கும் பையன்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள். நேற்றிலிருந்து பச்சரிசிச் சோறும் பழமும்தான். எவ்வளவு குடித்தீர்கள், யாரோடு குடித்தீர்கள் என்று கேட்க மாட்டார்கள். உங்கள் அப்பாவிடமும் சொல்ல மாட்டார்கள். வள்ளியூர், நாங்குநேரி, களக்காடு பக்கம் போக மூன்று ஆட்டோவும் ஒரு வேனும் விடியும்வரை நிற்கும். வாடகை விழாக்குழு பொறுப்பு.

ரோட்டோரம் வரிசையாக வைத்திருக்கும் தட்டிகளில்:

சாமி ஆடட்டும்.
வண்டி ஆட வேண்டாம்.

ஏத்தியாச்சா?
வண்டியை விட்டு இறங்கு.

“நான் ஸ்டெடி மாப்ளே”
என்று சொன்னாலே சாவியைப் பிடுங்கு.

பதினொரு மணிக்கு வில்லுப்பாட்டு இடைவேளையில் மைக்கில் வாசிக்க:

“கொஞ்சம் இப்படிக் கவனிங்க. ஒரு பீர்தானே என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் சட்டப்படி குற்றம். ஒரு முழு பாட்டில் ஸ்ட்ராங் பீரே பலருக்கு அதைத் தாண்டிவிடும். போலீஸ் ஊதச் சொல்லும்போது ‘அண்ணாச்சி, நான் இந்த ஊர்க்காரன்’ என்றால் அந்தக் கருவிக்குப் புரியாது. முதல் தடவை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், சில நேரம் ரெண்டும். இந்த வருஷம் நம்மூர்த் தலைக்கட்டு வரி 3,000. அதற்கே தவணை கேட்டவர்கள் யார் யாரென்று விழாக்குழு நோட்டில் இருக்கிறது, பெயரை வாசிக்க வைத்துவிடாதீர்கள்.

எலுமிச்சைச் சாறு, மோர், கட்டங்காப்பி, தலையில் ஒரு வாளித் தண்ணீர் எல்லாம் முழிப்பைத் தரும். போதையை இறக்காது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்பதும் நடக்காது. பந்தலில் பாய் விரித்திருக்கிறது, படுத்துத் தூங்குங்கள். கொசு கடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் உட்காரப்போகும் மாப்பிள்ளைகளே, உங்களிடம்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவனுக்குத் தன் நிலை தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஏறாதீர்கள். அவன் கோபப்பட்டால் கோபப்படட்டும், ரெண்டு நாளில் பேசிவிடுவான். கூட ஏற ஆள் இல்லையென்றால் பாதிப் பேர் வண்டியை எடுக்கவே மாட்டார்கள்.

ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால் சுற்றி நின்று வீடியோ எடுக்க வேண்டாம், உடனே 108க்குக் கூப்பிடுங்கள். நல்லெண்ணத்தோடு உதவி செய்தவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. தைரியமாகத் தூக்குங்கள்.

சரி, வில்லுப்பாட்டு தொடரட்டும். குடிச்சாச்சா? சாவியைக் கொடுத்தாச்சா?”

மேசையின் முன்பக்கத்தில் ஒட்ட:

சாவி திரும்பக் கிடைக்கும் நேரம்: புதன்கிழமை காலை 9 மணிக்கு மேல். ஆள் தெளிவாக இருந்தால் மட்டும். டோக்கன் தொலைந்துபோனால் வண்டி நம்பரைச் சொல்லுங்கள். நம்பரும் நினைவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு வாருங்கள். கறிச்சோறு மதியம்தான்.