மேகம் மட்டும்

மாணிக்கவேல் ப்ராம்ப்ட் எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்று பேத்தி அறிவித்ததும் கல்யாணி அம்மாள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் ப்ராம்ப்ட்டா வீட்டுக்கு வந்ததில்ல. எழுபது வயசுல இப்ப கத்துக்கப் போறாராக்கும்."

அவர் பதில் சொல்லவில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீர்ப் பிரிவில் வேலை பார்த்தவருக்கு எதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது நன்றாகவே தெரியும்.

புத்தகம் எழுதி முடித்து மூன்று மாதமாகிவிட்டது. லாங் சைஸ் நோட்டில் எண்பது பக்கம். பேரன் கவினுக்கும் பேத்தி யாழினிக்கும் மட்டும். தலைப்பு, 'தரைக்கு அடியிலே, தலைக்கு மேலே'. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள், மத்தியானத்துக்கு மேல் கடலூரில் கடல்காற்று ஏன் அடிக்கிறது, நெய்வேலியில் ஏன் ராத்திரி பகலாகத் தண்ணீர் இறைக்கிறார்கள், இப்படிச் சுற்றுவட்டாரத்து விஷயங்கள். கடைசி அத்தியாயம் புதுச்சேரிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் கதை.

கவின் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படமே இல்ல தாத்தா" என்று மூடி வைத்தான். ஏழு வயது. அவனிடம் அப்பீல் கிடையாது.

லாஸ்பேட்டையிலிருந்து மகள் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். அந்தச் சனிக்கிழமை யாழினி தன் டேப்லெட்டில் படம் வரையும் ஏஐ ஒன்றைத் திறந்து கொடுத்தாள். என்ன வேண்டும் என்று தமிழிலேயே எழுதினால் போதும், வரைந்து தந்துவிடும் என்றாள்.

மாணிக்கவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு வகைதான். முதல் ப்ராம்ப்ட் டெண்டர் நோட்டீஸ் மாதிரி வந்தது. பதினான்கு ஷரத்து. நிலக்கரிப் படுகைக்குக் கீழுள்ள ஆர்ட்டீசியன் நீர்த்தாங்கியின் மேல்நோக்கிய அழுத்தத்தை விளக்கும் வரைபடம். மேற்படி வரைபடத்தில் பம்புகள் இடம்பெற வேண்டும். தமிழில் பெயர்கள் குறிக்கப்பட வேண்டும். நீரூற்று எதுவும் இருக்கக் கூடாது. மனிதர்கள் இருக்கக் கூடாது.

அரை நிமிஷத்தில் படம் வந்தது. நடுவில் ஜம்மென்று ஒரு நீரூற்று, ஏதோ அரண்மனைத் தோட்டத்தில் இருப்பது மாதிரி. அதைச் சுற்றித் தொப்பி போட்ட ஆறு பேர். பெயர்ப் பலகைகளில் தமிழ் மாதிரி ஏதோ இருந்தது. ழகரத்துக்கு இரண்டு வால், அதன் தலையில் ஒரு கொம்பு.

"கான்ட்ராக்டர் ஸ்பெக்கையே படிக்கல" என்றார்.

யாழினி படித்துப் பார்த்தாள். "தாத்தா, இருக்கக் கூடாதுன்னு நீங்க எழுதினதெல்லாம்தான் வந்திருக்கு. பேரைச் சொன்னாலே வரைஞ்சிடும். வேணாங்கறதை எழுதவே கூடாது. என்ன தெரியணுமோ அதை மட்டும் சொல்லணும்."

"அழுத்தம் தெரியணும்."

"அழுத்தம் எப்படித் தெரியும்?"

அவர் வாயைத் திறந்து, மூடினார். அவர் வேலையே அந்த அழுத்தம்தான். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மணல், மணல் முழுக்கத் தண்ணீர், அந்தத் தண்ணீர் மேலே வரத் துடித்துக்கொண்டே இருக்கும். மேலிருக்கும் மண்ணைச் சுரங்கம் தோண்டி எடுக்க எடுக்க, அதை அமுக்கிப் பிடித்திருந்த பாரம் குறைந்துகொண்டே போகும். கீழேயிருந்து இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து பொங்கிவிடும். பம்பு நிற்காமல் ஓட வேண்டியது அதனால்தான். இதெல்லாம் அவருக்கு மானியில் முள்ளாகவும் பதிவேட்டில் எண்ணாகவும்தான் தெரிந்திருந்தது. கண்ணால் யார் பார்த்தது?

கல்யாணி அம்மாள் அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "கவின் பொறந்த நாளுக்கு க்ரீம் கேக்கு வாங்கினோமே. மேல கைய வச்சு அமுக்கினான், சைடு வழியா க்ரீம் பிதுங்கிச்சு. அது மாதிரிதானே?"

அது மாதிரி இல்லை, திசை வேறு, என்று ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார். இரண்டாவது ப்ராம்ப்ட்டில் ஷரத்து எண்கள் இல்லை.

```
வெட்டிய கேக் போல பக்கவாட்டில் பார்க்கும் பூமி.
மேலே செம்மண், அதன்கீழ் கறுப்பு அடுக்கு, அடியில் நீல அடுக்கு.
நீலம் கறுப்பைக் கீழிருந்து முட்டித் தள்ள, கறுப்பு நடுவில்
மேலே புடைத்திருக்கிறது. குழந்தைகள் புத்தகத்துக்கு வாட்டர்கலர்.
```

வந்த படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். கறுப்பு அடுக்கு லேசாக, பூரி உப்பத் தொடங்கும் நொடி மாதிரி, மேலே வளைந்திருந்தது. முப்பத்தைந்து வருஷம் பயந்துகொண்டிருந்த விஷயத்தின் முகம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெயர்களை அதனிடம் விடுவதில்லை என்று முடிவு செய்தார். படத்தை அச்சடித்து வரச் சொல்லி, பீரோவிலிருந்து பழைய ட்ராயிங் பேனாவை எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டுக் கழுவினார். 'பழுப்பு நிலக்கரி' என்று எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் ழகரத்துக்கு ஒரு வால்தான்.

அதன் பிறகு வேலை ஓடியது. கடல்காற்றுக்கு, வெயிலில் சுட்டுக் கிடக்கும் மணல்மேல் காற்று எழும்புவதும், தேவனாம்பட்டினத்துக் கரையில் காயப்போட்ட வலைகள் ஊர்ப்பக்கமாக ஆடுவதும். முதலில் ஐரோப்பியக் கடற்கரை வந்தது. தாழங்காடு, கட்டுமரம், தலைப்பாகை என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகு ஊர் ஊராயிற்று. திருவக்கரை மரத்தில் அதிகம் சிரமமில்லை. மரம் படுத்திருந்தால் போதும்.

கடைசி அத்தியாயத்தில்தான் சிக்கினார்.

பிரெஞ்சுக்காரர் பெயர் லெ ஜென்டீல். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் சின்னக் கறுப்புப் புள்ளியாக நகர்வதை அளந்தால், பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். அதற்காக 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில். வெள்ளி தெரிந்தது, ஆனால் ஆடுகிற கப்பலிலிருந்து எதை அளப்பது? அடுத்தது எட்டு வருஷம் கழித்து. ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கமே காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து, ஆய்வுக்கூடம் கட்டி, நம் ஆட்களிடம் வானியல் கணக்குகூடக் கற்றுக்கொண்டார். 1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வானம் வெளுத்தது. பதினோரு வருஷம் கழித்து ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகச் சொல்லிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரிக்க இறங்கியிருந்தார்கள்.

இதற்குப் படம் வேண்டும்.

'வெள்ளி தெரியாமல் வருந்தும் விஞ்ஞானி' என்று எழுதினார். விஞ்ஞானி கையில் பளபளவென்று ஒரு வெள்ளிக் குடம் வந்தது. சரி என்று 'சுக்கிரன்' என்று மாற்றினார். தேரில் ஒரு சாமி வந்தார். யாழினி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். 'வெள்ளிக் கோள் மேகத்தில் மறைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியக் கூடாது' என்றார். மேகத்தின் முன்னால் தேங்காய் அளவுக்கு ஒரு கோள்.

மூன்று நாள் அதிலேயே உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் கல்யாணி அம்மாள் பால் டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கதைய மட்டும் ஏன் விட மாட்டேங்கறீங்க?"

"நல்ல கதை."

"நீங்களும்தான் பாக்கல."

டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். அவர் வாழ்நாளிலும் இரண்டு முறை வந்தது. 2004 ஜூன் 8, பட்டப்பகலில். வெல்டிங் கண்ணாடிகூட வாங்கிப் பையில் வைத்திருந்தார். அன்றைக்குப் பம்பு மாற்றும் வேலை. குழியிலிருந்து ஏறி வந்தபோது சாயங்காலம் ஆறு. 2012இல் இன்னொன்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். 2012 ஜூன் 6, சூரியன் உதிக்கும்போதே புள்ளி உள்ளே இருந்தது. இனி 2117தான்.

"அன்னிக்கு எனக்குப் பித்தப்பை ஆபரேஷன்" என்றாள் அவள். "காலைல ஆறு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வாங்கன்னு சொன்னேன். நீங்க அந்த பெஞ்சைவிட்டு எழுந்திருக்கல."

"மேகமா இருந்துச்சு" என்றார்.

"ஆமாமா" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் டேப்லெட்டைத் திருப்பினார். எழுதியிருந்ததை முழுக்க அழித்தார். வெள்ளியை எடுத்தார். கோளை எடுத்தார். வருத்தத்தையும் எடுத்தார், வருத்தம் என்று எழுதினால் நாடகக்காரர் மாதிரி நெற்றியில் கை வைத்துவிடுகிறார்கள். விடியற்காலை, கடலோரம், இடிந்த கோட்டைச் சுவர், முக்காலிமேல் ஒரு தொலைநோக்கி, முதுகைக் காட்டி நிற்கும் ஒரு ஆள், வானம் முழுக்க அடர்ந்த மேகம். அவ்வளவுதான்.

வந்தது. தொலைநோக்கியை அவர் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. கைகள் இரண்டும் சும்மா தொங்கின.

சனிக்கிழமை அச்சடித்த தாள்கள் வந்தன. கவின் தரையில் குப்புறப் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். நிலக்கரி கேக்கைப் பார்த்து, "இதைத் தின்னலாமா?" என்றான். கடைசித் தாளில் நின்றான்.

"வெள்ளி எங்க தாத்தா?"

"பின்னாடி இருக்கு."

கவின் தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒரு நொடி யோசித்துவிட்டு, மேசைமேல் மூடி திறந்திருந்த ட்ராயிங் பேனாவை எட்டி எடுத்து, அழுத்தி ஒரு புள்ளி வைத்தான். மை ஊறிக் கடுகளவு பரவியது.

"டேய், அது தாத்தாவோட பேனா" என்று யாழினி பாய்ந்தாள்.

மாணிக்கவேல் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மேகத்துக்குள்ளே புள்ளி தெரிந்தது. சூரியன் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை தெற்கே தள்ளித்தான் இருந்தது. "கல்யாணி, இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார்.