தீபாவளிக்கான உளுந்து ஆர்டர்: விலை பற்றி

27 ஆகஸ்டு 2025
சுங்கை சிப்பூட், பேராக்

அன்புள்ள முத்தையா அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணியும் பிள்ளைகளும் நலமா? போனில் பேசிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் போன் செய்யும் நேரமெல்லாம் நீங்கள் லோரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள், பேச்சு பாதியில் நின்றுவிடும். விலை விஷயம் என்பதால் கணக்கோடு எழுதிவிடுகிறேன், இரவு கடை அடைத்த பிறகு நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

தீபாவளி அக்டோபர் 20. போன வருடம் எடுத்த அதே 40 மூட்டை தோல் நீக்கிய முழு உளுந்து, 25 கிலோ மூட்டை, இந்த வருடமும் உங்களிடமே வேண்டும். நேற்று உங்கள் கடைப் பையன் வாட்ஸ்அப்பில் மூட்டைக்கு 172 வெள்ளி என்று போட்டிருந்தார். போன வருட விலையும் அதுதான். அதை 160 வெள்ளிக்கு ஆக்கித் தர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சும்மா குறைத்துக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உளுந்து பர்மாவிலிருந்து டாலர் விலையில் வருகிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள், வெள்ளி இறங்கிய காலத்தில் விலை ஏற்றியபோதும் அந்தக் காரணத்தைத்தான் சொன்னீர்கள், நானும் மறுபேச்சு பேசாமல் கொடுத்தேன். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 4.47 வெள்ளி பக்கம் இருந்தது, இப்போது 4.22 பக்கம் வந்திருக்கிறது. டீசலும் அப்படித்தான். போன வருடம் ஜூன் மாதம் மானியத்தை எடுத்து ஒரே இரவில் லிட்டர் 3.35 ஆனதும் மூட்டைக்கு 2 வெள்ளி வண்டிக்கூலி சேர்த்தீர்கள், அது நியாயம்தான், அன்றைக்கு எல்லோருக்கும் கையைக் கடித்தது. இப்போது டீசல் 3 வெள்ளிக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனால் அந்த 2 வெள்ளி மட்டும் பில்லில் அப்படியே நிற்கிறது. உங்கள் கிட்டங்கியில் இருப்பது பழைய விலையில் வாங்கிய சரக்கு என்றால் அதையும் சொல்லுங்கள், புரிந்துகொள்வேன்.

என் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். என்னிடம் வேலை செய்யும் நான்கு பெண்களுக்கும் இந்த மாதத்திலிருந்து 1,700 வெள்ளி சம்பளம். ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் ஆகஸ்டு 1 முதல் அதுதான் சட்டம். அவர்கள் உழைப்புக்கு அது தகும், அதில் எனக்குக் குறையில்லை. எண்ணெய்தான் பெரிய செலவு. 2.50 வெள்ளி பாக்கெட் எண்ணெய் வீட்டுக்காரர்களுக்கு உள்ளது, வியாபாரத்துக்கு அதைத் தொடக்கூடாது, அதனால் எப்போதும் டின் எண்ணெய்தான், சந்தை விலைதான். சரி, முறுக்கு விலையை ஏற்றலாமே என்றால் இங்கே அது நடக்காத காரியம். என்னிடம் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் தோட்டத்து ஜனங்கள். சம்பளம் போட்ட வாரத்தில் வந்து இரண்டு போத்தல், மூன்று போத்தல் என்று எடுத்துப் போவார்கள். போத்தலுக்கு ஒரு வெள்ளி ஏற்றினாலும் மூன்றுக்குப் பதில் இரண்டு எடுப்பார்கள், அந்த வீட்டில் பிள்ளைகளுக்குத்தான் ஒன்று குறையும். எனக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை.

ஒளித்து வைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பினாங்குப் பக்கத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி 158 வெள்ளிக்குத் தருவதாக ஆள் அனுப்பினார். என் மருமகன் உடனே வாங்கலாம் என்றார். நான் மாதிரியை மட்டும் வாங்கி வறுத்து அரைத்துப் பார்த்தேன். பருப்பில் கறுப்புத் தோல் அங்கங்கே ஒட்டியிருந்தது, மாவில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தேன்குழல் வெள்ளையாக இல்லாவிட்டால் ஈப்போ சீனக் கடைக்காரர்கள் கையில் எடுக்கவே மாட்டார்கள். உங்கள் பருப்பில் அந்தத் தொல்லை வந்ததே இல்லை. கோவிட் சமயத்தில் ஊரே அடைத்துக் கிடந்தபோது கடனுக்கு மூட்டை இறக்கியதையும் நான் மறக்கவில்லை. அதனால் அந்த 158-ஐக் காட்டி உங்களை மிரட்ட வரவில்லை. சந்தையில் விலை இப்படி இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான்.

நான் குறைத்துக் கேட்டால் உங்களுக்கும் ஏதாவது லாபம் இருக்க வேண்டும் இல்லையா, அதையும் யோசித்து வைத்திருக்கிறேன். இப்போது 30 நாள் கடனில் எடுக்கிறேன். இந்த ஆர்டருக்குக் கடனே வேண்டாம். முதல் 20 மூட்டை செப்டம்பர் 8 வாக்கில் இறக்குங்கள், லோரி வாசலில் நிற்கும்போதே 3,200 வெள்ளி உங்கள் கணக்குக்கு வந்துவிடும். அடுத்த 20 மூட்டை செப்டம்பர் 29, அதற்கும் அதே மாதிரி. போன வருடம் பத்துப் பத்தாக நான்கு தடவை வண்டி அனுப்பினீர்கள், இந்தத் தடவை இரண்டு நடைதான், சரக்கு வைக்கப் பின்கட்டில் இடம் ஒழித்துவிட்டேன். மூட்டை இறக்க இங்கேயே இரண்டு பையன்கள் நிற்பார்கள், உங்கள் டிரைவர் தனியாக வந்தால் போதும்.

அப்புறம் இது தீபாவளியோடு முடிகிற ஆர்டர் இல்லை. ஜனவரியில் பொங்கல், பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு, மார்ச்சில் ஹரி ராயா, மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன, மூன்றுக்கும் முறுக்கு போகும். நீங்கள் 160-க்குச் சம்மதித்தால் மார்ச் வரைக்குமான உளுந்து முழுவதும் உங்களிடமே என்று இப்போதே எழுதித் தருகிறேன். நடுவில் உங்கள் கொள்முதல் விலை நிஜமாகவே ஏறினால் பில்லைக் காட்டுங்கள், பேசி மாற்றிக்கொள்ளலாம். பொட்டுக்கடலை, எள், ஓமம் எதற்கும் நான் விலை குறைத்துக் கேட்கவில்லை, அவை பழைய விலைக்கே வரட்டும்.

முழு உளுந்தில் 160 கட்டவே கட்டாது என்றால் வேறு வழியும் உண்டு. இட்லிக் கடைக்காரர்களுக்கு உருண்டை உளுந்துதான் வேண்டும், எனக்கு அப்படியில்லை. நான் எப்படியும் வறுத்து மாவாக அரைக்கப்போகிறேன், பருப்பு உடைந்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. தோல் சுத்தமாகப் போயிருக்க வேண்டும், பழைய வாடை இருக்கக்கூடாது, அது போதும். அப்படி உடைத்த உளுந்து உங்களிடம் இருந்தால் என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள், ஒரு மூட்டை காசு கொடுத்து எடுத்து ஓர் ஈடு போட்டுப் பார்த்துவிட்டு 40-க்கும் அதையே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டையும் கலந்து மட்டும் அனுப்ப வேண்டாம், வறுக்கும்போது உடைத்தது முதலில் கருகிவிடும், முழுசு பச்சையாகவே நிற்கும்.

மெர்டேக்கா விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் 2-க்குள் ஒரு பதில் சொல்லுங்கள் அண்ணன். அதற்கு மேல் தள்ளினால் மாவு மில்லில் எனக்கு நாள் கிடைக்காது, தீபாவளி நெருங்க நெருங்க அங்கே ஊர்க் கூட்டமே வரிசையில் நிற்கும். 160 சரி என்றால் "சரி" என்று ஒரு வார்த்தை வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், அன்றைக்கே ஆர்டரை எழுதி அனுப்பிவிடுகிறேன். முடியாது என்றால் எவ்வளவு முடியும் என்று உள்ளதைச் சொல்லுங்கள், அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அண்ணிக்குப் பிடித்த பூண்டு முறுக்கு, முதல் லோரி வரும்போது டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
சரோஜா