முதலாண்டு மாணவர்களுக்கு வரவேற்புரை

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, இன்று முதல் இக்கல்லூரியின் மாணவர்களாகும் தம்பி தங்கையரே, அனைவருக்கும் இறுதியாண்டு மாணவர்களின் சார்பில் வணக்கத்தையும் வரவேற்பையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

சட்டம் படிக்கப் போகிறீர்கள் என்றதும், இத்தனை பிரிவுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று உங்களிடம் பலரும் கேட்டிருப்பார்கள். பிரிவின் எண் மறந்துபோனால் சட்டநூலைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கும் பொறுமையை எந்த நூலிலும் தேடி எடுக்க முடியாது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கைமாறும் குறிப்புகளை நம்பி இருப்பவர்களுக்கு அந்தப் பொறுமை வாய்ப்பதே இல்லை.

ஒருவர் பிறருக்கு இழைக்கும் தீங்குக்கு இழப்பீடு கோருவதைப் பற்றிய தீங்கியல் வகுப்பில் 'டோனகு எதிர் ஸ்டீவன்சன்' வழக்கை விரைவில் கேட்பீர்கள். தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானத்தின் புட்டியில் அழுகிய நத்தை கிடந்ததாகவும், அதனால் தமக்கு உடல்நலம் கெட்டதாகவும் ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. பானத்தை வாங்கியவர் தோழி என்பதால் அப்பெண்ணுக்கு யாருடனும் ஒப்பந்தம் இல்லை. அப்படியிருக்க, தயாரித்தவர் அவருக்குப் பொறுப்பாவாரா என்பதே கேள்வி. ஆவார் என்று 1932இல், அன்று பிரித்தானியாவின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. குறிப்புகளில் இவ்வளவுதான் இருக்கும். தீர்ப்பையே எடுத்துப் படித்தால்தான், ஐந்து நீதிபதிகளில் இருவர் மாறுபட்டார்கள் என்பதும், அவர்களுடைய வாதமும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று என்பதும் தெரியவரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்ததால், புட்டியில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. சாட்சியம் வேறு, சட்டக் கேள்வி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் வழக்கை நான் படித்ததில்லை.

மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் முதலாண்டிலேயே கலந்துகொள்ளுங்கள். எந்தத் தரப்புக்கு வாதாடுவது என்பது பெரும்பாலும் குலுக்கலில்தான் முடிவாகும். நீங்கள் தவறென்று நினைக்கும் தரப்பே உங்களுக்கு வரலாம். மனப்பாடம் செய்த உரையின் இரண்டாம் வரியிலேயே நடுவர் குறுக்கிட்டு, "எந்தத் தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டு சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். மேடைப் பேச்சில் வல்லவர்கள் அங்கே தடுமாறுவதையும், வகுப்பில் வாய் திறக்காத ஒருவர் பக்க எண்ணோடு பதில் சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, பேசத் தயங்குபவர்கள் ஒதுங்கிவிட வேண்டாம்.

மூத்த மாணவர் என்ற பெயரில் யாரேனும் உங்களைத் துன்புறுத்தினால், அன்றைக்கே பேராசிரியர்களிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். இதில் விளையாட்டு என்ற சமாதானத்தை நாங்கள் ஏற்பதில்லை.

இந்நிகழ்ச்சி முடிந்ததும், தீர்ப்புத் தொகுப்புகளில் ஒரு வழக்கைத் தேடி எடுப்பது எப்படி என்பதை நூலகத்தில் இறுதியாண்டு மாணவர்கள் உங்களுக்குக் காட்டுவார்கள். குறிப்பேடு ஒன்றைக் கையோடு எடுத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.