என் மகனின் உபநயனத்திற்கு விடுப்பும் விடுபடும் பாடங்களுக்கு உதவியும் வேண்டி

அனுப்புநர்:
வெ. பத்மாவதி,
(வெ. ஸ்ரீராமின் தாயார், 7ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு),
கோயம்புத்தூர்.

பெறுநர்:
தலைமையாசிரியை அவர்கள்,
(வகுப்பாசிரியர் வழியாக)

நாள்: 27.01.2026

பொருள்: 05.02.2026, 06.02.2026, 09.02.2026 ஆகிய மூன்று நாட்களுக்கு விடுப்பும், விடுபடும் பாடங்களை ஈடுசெய்ய வழிகாட்டுதலும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் மகன் ஸ்ரீராமுக்கு வருகிற பிப்ரவரி 6ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, கும்பகோணம் அருகில் உள்ள எங்கள் சொந்த ஊரில் உபநயனம் நடைபெற இருக்கிறது. அதன் பொருட்டு வியாழன், வெள்ளி, அடுத்து வரும் திங்கள் ஆகிய மூன்று வேலை நாட்களில் அவனால் பள்ளிக்கு வர இயலாது. புதன்கிழமை மாலை பள்ளி விட்ட பிறகே ஊருக்குப் புறப்படுகிறோம். திங்கள் இரவு பேருந்தில் கிளம்பி, 10ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை முதல் மணிக்கு அவன் வகுப்பில் இருப்பான்.

ஒரு நாள் சடங்குக்கு மூன்று நாள் விடுப்பு ஏன் என்று தாங்கள் கேட்பது நியாயமே. முந்தைய நாளான வியாழனன்று உதகசாந்தி ஜபமும் அதைச் சார்ந்த பூர்வாங்கக் காரியங்களும் நடக்கும். வெள்ளிக்கிழமை காலை முடி இறக்கி, நீராட்டி, பூணூல் அணிவித்து, காயத்ரி மந்திரத்தை உபதேசம் செய்வார்கள். அதன் பின் பிள்ளை முதன்முதலாகத் தாயிடம் பிச்சை ஏற்க வேண்டும். அன்று மூட்டிய அக்கினியில் தொடர்ந்து சமித்துக் குச்சிகளை இட்டு சமிதாதானம் செய்து, உப்பும் காரமும் இல்லாத உணவை உண்டு, நான்காம் நாளான திங்களன்று பலாச மரத்தை வழிபடும் பலாச கர்மாவுடன் நிறைவு செய்வது எங்கள் குடும்ப வழக்கம். இப்போது பலரும் பலாச கர்மாவையும் முதல் நாளிலேயே முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்தால் ஒரு நாள் விடுப்பு குறையுமே என்று என் மாமனாரிடம் கேட்டுப் பார்த்தேன், அவர் இசையவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் மனத்தை நோகச் செய்ய எனக்கும் விருப்பமில்லை. அதற்கான காரணத்தையும் தங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தாங்கள் அறிந்தபடி, ஸ்ரீராமின் தந்தை 2021இல் காலமானார். கருவில் இருந்த காலத்தையும் சேர்த்து எட்டாவது வயதில் உபநயனம் செய்வது மரபு. அவனுக்கு அந்த வயது நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த இழப்பு நேர்ந்தது. துக்க ஆண்டு முடிந்து ஏற்பாடு செய்யத் தொடங்கியபோது என் மாமியாரும் தவறிப்போனார். இப்படியே தள்ளிப்போய் இன்று அவனுக்குப் பன்னிரண்டு வயது. தந்தை இருந்தால் பட்டுத் துணிக்குள் அமர்ந்து மகனின் காதில் மந்திரத்தை உபதேசிப்பவர் அவர்தான். அவர் இல்லாத நிலையில் அந்தப் பொறுப்பு தாத்தாவுக்கு வருகிறது. என் மாமனாருக்கு இப்போது 82 வயது. நீண்ட பயணம் அவருக்கு ஆகாது என்பதால்தான் விழாவைக் கோவையில் வைக்காமல் ஊரில் வைத்திருக்கிறோம். கோடை விடுமுறைக்குத் தள்ளலாமா என்றும் யோசித்தோம். சித்திரை வெயிலில் ஹோமத் தீயின் முன் மணிக்கணக்கில் அமர்வது அவருடைய உடல்நிலைக்கு உகந்ததல்ல என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இவற்றையெல்லாம் பார்த்துத்தான் தை மாதத்தில் கிடைத்த இந்த முகூர்த்தத்தை முடிவு செய்தோம்.

உபநயனம் என்ற சொல்லுக்கே பிள்ளையைக் குருவின் அருகில் அழைத்துச் செல்வது என்றுதான் பொருள் சொல்கிறார்கள். கல்வியைத் தொடங்கிவைக்கும் சடங்குக்காக அவனை வகுப்பிலிருந்து அழைத்துப் போவது எனக்கே சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆகவே, விடுபடும் பாடங்களைப் பற்றி இப்போதே எழுதுகிறேன்.

கணக்கில் 'சதவீதமும் தனிவட்டியும்' பாடம் அந்த வாரம் நடக்கும் என்று ஸ்ரீராம் சொல்கிறான். கணக்கில்தான் அவனுக்குத் தடுமாற்றம் அதிகம்; தனிவட்டிக்கான சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்லிவிடுவான், ஆனால் கேள்வியில் காலம் மாதக் கணக்கில் இருந்தால் அதை ஆண்டாக மாற்ற மறந்துவிடுவான். எனவே அந்த மூன்று நாட்களில் நடத்தவிருக்கும் பயிற்சிக் கணக்குகளின் எண்களைக் கணக்கு ஆசிரியர் புதன்கிழமைக்கு முன் குறித்துக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும். ஊரில் சனி, ஞாயிறு பிற்பகல்களில் அவனுக்கு ஓய்வு உண்டு. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என் நாத்தனார் அங்கே இருக்கிறார். வட்டிக் கணக்கைச் சொல்லித்தர அவரைவிடப் பொருத்தமானவர் எங்கள் வீட்டில் இல்லை. தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் பாடங்களின் குறிப்புகளை அவன் திரும்பி வந்ததும் நண்பனின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொள்வான். அறிவியலில் செய்முறை ஏதேனும் நடந்தால் அதை மட்டும் பார்த்து எழுதிக் கற்க முடியாது. ஆசிரியருக்கு இடையூறு இல்லாத ஒரு நாளில், உணவு இடைவேளையிலோ பள்ளி விட்ட பின்போ, அவனுக்கு ஒருமுறை காட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் வளரறி மதிப்பீட்டிற்கான சிறுதேர்வோ செயல்திட்டமோ இருக்குமானால், அவன் அதை 10ஆம் தேதிக்குப் பிறகு எழுத அனுமதி தர வேண்டுகிறேன். தேர்வை எழுதாமலே மதிப்பெண் வழங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒப்படைப்பு எதுவும் இருந்தால் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் அவன் முடித்துத் தருவான். அதற்கு நான் பொறுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் திரும்பி வரும்போது தலை மழித்து, பின்னால் சிறு குடுமியுடன் இருப்பான். இந்த வயதில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்வது இயல்புதான். அதற்காகத் தொப்பி அணிய அனுமதி கேட்கவில்லை. வகுப்பாசிரியர் ஓரிரு நாட்கள் கவனித்துக்கொண்டால் போதும். பூணூல் சட்டைக்குள்தான் இருக்கும். அதை வகுப்பில் எடுத்துக் காட்டுவதோ, அதை வைத்துத் தன்னை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்திப் பேசுவதோ கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அப்படி எதுவும் நடந்தால் தயங்காமல் எனக்குத் தெரிவிக்க வேண்டும். இனி அவன் தினமும் செய்ய வேண்டிய சந்தியாவந்தனத்தைக் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன்பும் மாலையில் வீடு திரும்பிய பின்பும் செய்துகொள்வான். அதற்கென்று பள்ளி நேரத்தில் தனிச் சலுகை எதுவும் தேவைப்படாது.

விடுப்பை அனுமதித்து, பாடக் குறிப்புகளைப் பிப்ரவரி 4ஆம் தேதிக்குள் அவனிடம் கொடுத்தனுப்புமாறு பாட ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். இதுகுறித்து நேரில் பேச வேண்டுமென்றால், எந்த நாளிலும் மாலை 4 மணிக்கு மேல் பள்ளிக்கு வந்து தங்களைச் சந்திக்க நான் தயார். என் கைபேசி எண் பள்ளிப் பதிவேட்டில் உள்ளது. விழா அழைப்பிதழின் பிரதி ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெ. பத்மாவதி

இணைப்பு: உபநயன அழைப்பிதழ் பிரதி - 1