ஆறாம் வகுப்பு ஆங்கிலவழி அறிவியல்: இணைப்புப் பயிற்சித் திட்டம்

பெறுநர்: தலைமையாசிரியர்
அளிப்போர்: ஆறாம் வகுப்பு அறிவியல், ஆங்கில ஆசிரியர்கள்

இவ்வாண்டு நம் பள்ளியின் ஆறாம் வகுப்பு ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்துள்ள 34 மாணவர்களில் 27 பேர், சுற்றுப்புற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் மூன்றில் ஐந்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். இவர்களுக்காக, ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கி 20 வேலை நாள்களுக்கு, அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் உரிய தலா ஒரு பாடவேளையை இணைத்து நாள்தோறும் 80 நிமிடம் நடத்த இப்பயிற்சி திட்டமிடப்பட்டுள்ளது. மீதமுள்ள ஏழு பேரும் இதே வகுப்பில் அமர்வார்கள். அவர்களைத் தனியே பிரிப்பதால் பயனில்லை.

தொடக்க மதிப்பீடு

முதல் நாள் பத்து எளிய வினாக்கள் கொண்ட தாள் தமிழில் தரப்படும்; மூன்றாம் நாள் அதே பத்து வினாக்கள், வரிசை மாற்றி, ஆங்கிலத்தில் தரப்படும். தமிழ்த் தாளில் எட்டும் ஆங்கிலத் தாளில் இரண்டும் எடுக்கும் மாணவருக்கு அறிவியல் தெரியும், மொழியே தடை என்று கொள்ளலாம். இரண்டிலும் மூன்று எடுப்பவருக்குக் கருத்தையே முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். இவ்விரு வகையினரையும் மெல்லக் கற்போர் என்ற ஒரே பட்டியலில் அடைப்பதுதான் இதுவரை நாம் செய்துவந்த தவறு.

கற்பிக்கும் முறை

ஒவ்வொரு கருத்தும் முதலில் செய்முறையாகவும் தமிழிலும் விளங்கிய பிறகே அதற்குரிய ஆங்கிலச் சொல் கரும்பலகையில் எழுதப்படும். கரைபொருள், கரைப்பான், கரைசல் என்னும் மூன்று சொற்களும் தம் பொருளைத் தாமே சொல்லிவிடுகின்றன. சால்யூட், சால்வென்ட், சொல்யூஷன் என்பவை அவ்வாறு சொல்வதில்லை. ஆகவே, ஒரு குவளை நீரில் உப்பைக் கரைத்துக் காட்டி, தமிழ்ப் பெயரால் விளக்கி, அதன் அருகில் ஆங்கிலப் பெயரை வைப்பதே முறையாகும். பொருள் விளங்குமுன் சொற்பட்டியலை நெட்டுருப் போடச் செய்தல் இப்பயிற்சியில் இடம்பெறாது.

பிள்ளைகள் வேறு பொருளில் அறிந்துள்ள சொற்களுக்குத் தனிக் கவனம் தேவை. மாஸ் என்றால் திரைப்பட நாயகனின் தோரணை, செல் என்றால் கைபேசி, வால்யூம் என்றால் தொலைக்காட்சியின் ஒலியளவு என்றே அவர்கள் வருகிறார்கள். அதைச் சிரித்துத் தள்ளாமல், பழைய பொருளையும் நிறை, உயிரணு, பருமன் என்ற அறிவியல் பொருளையும் அருகருகே எழுதச் செய்தால் குழப்பம் வெளிப்படையாகத் தெரிந்து தீரும். பல்பு, பேட்டரி, மோட்டார் போன்ற சொற்களோ ஏற்கெனவே அவர்கள் வாயில் இருப்பவை. எழுத்துக்கூட்டல் மட்டும் கற்பித்தால் போதும்.

சொல்லைவிட வாக்கியமே கடினம். வினையை இறுதியில் தேடிப் பழகிய மாணவர், ‘சால்ட் டிசால்வ்ஸ் இன் வாட்டர்’ என்பதில் அது நடுவில் நிற்பதைக் கண்டு திகைக்கிறார். எனவே ஆங்கில ஆசிரியர் தம் பாடவேளையில் கதைப்பாடத்தை நிறுத்திவைத்து, ‘இஸ் கால்டு’, ‘இஸ் மேட் ஆஃப்’, ‘பிகாஸ்’ ஆகியவை வரும் வாக்கிய அமைப்புகளை, அன்று செய்த சோதனையைக் கொண்டே பயிற்றுவிப்பார். டிஃபைன், லிஸ்ட், கம்பேர், கிவ் ரீசன் ஆகிய வினாச்சொற்களையும் அவரே கற்பிப்பார்.

வார ஒதுக்கீடு

முதல் வாரம் அளவீடுகள். மேசையைச் சாணாலும் முழத்தாலும் அளந்து, ஆளுக்கு ஆள் விடை மாறுவதைக் கண்டபின் அளவுகோலுக்குச் செல்வோம். அளவுசாடி நீரில் கல்லை இட்டு, நீர்மட்ட உயர்வைக் கொண்டு அதன் பருமனை அறிவோம்.

இரண்டாம் வாரம் பருப்பொருள்கள். இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சலித்தல், தூற்றுதல், கடைதல் ஆகியவற்றை நாம் கற்பிக்கத் தேவையில்லை. களத்திலும் அடுப்படியிலும் கண்டிருக்கிறார்கள். அவர்களே செய்துகாட்ட, சீவிங், வின்னோயிங், சர்னிங் என்ற பெயர்களை நாம் தருவோம். இந்த வாரம் நீண்டுபோனாலும் குறைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மூன்றாம் வாரம் தாவரங்களும் விசையும். பெரும்பாலும் படம் வரைந்து பாகம் குறித்தல். நான்காம் வாரம் பாடநூலிலிருந்து நாளொன்றுக்கு ஒரு பத்தியை வாசித்து, மூன்று வாக்கியங்களில் விடை எழுதுதல்.

மதிப்பீடும் தொடர்ச்சியும்

இருபதாம் நாள், தொடக்கத்தில் தந்த இரு தாள்களும் மீண்டும் தரப்படும். இரு மதிப்பெண்களுக்கும் இடையிலான வேறுபாடு மூன்றுக்கு மேல் நீடிக்கும் மாணவர்களுக்கு, காலாண்டுத் தேர்வுவரை வாரம் இரு நாள் மாலையில் 40 நிமிட வகுப்பு தொடரும். அதுவரை வாய்மொழி விடைகளைத் தமிழிலும் ஏற்க வேண்டும்; வகுப்பில் தமிழ் பேசியதற்காக எவரும் தண்டிக்கப்படலாகாது. அளவுசாடிகள் ஆறும் சல்லடைகள் நான்கும் ஆய்வகத்திலிருந்து பயிற்சி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாக வகுப்பறைக்கு வந்துசேர ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்.