பயிற்சித்தாள்: சாய்தளத்தில் விசைப்படம், கூறுகள், முடுக்கம்

11-ஆம் வகுப்பு, இயற்பியல், இயக்க விதிகள்
நேரம்: இரண்டு பாடவேளை. மதிப்பெண்: 25

எல்லாக் கணக்கிலும் g = 10 m/s². சைன், கொசைன் மதிப்புகள்: sin 30° = 0.5, cos 30° = 0.87, sin 37° = 0.6, cos 37° = 0.8. கால்குலேட்டர் வேண்டாம். ஸ்கேலும் பென்சிலும் கட்டாயம் வேண்டும்.

தொடங்கும் முன்

சாய்தளக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல, படத்தில்தான். படம் சரியாக வந்துவிட்டால் சமன்பாட்டை அதிலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிடலாம். அதனால் இந்தத் தாளில் ஒவ்வொரு கணக்குக்கும் விசைப்படம் வரைந்தாக வேண்டும். படம் இல்லாத விடைக்கு, விடை சரியாக இருந்தாலும், பாதி மதிப்பெண்தான்.

பொருளை ஒரு புள்ளியாகக் குறியுங்கள். தளத்தை லேசான கோடாகக் காட்டினால் போதும். அப்புறம் ஒவ்வோர் அம்புக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த விசையைப் பொருளின் மேல் செலுத்துவது எது? எடை என்றால் பூமி. செங்குத்து விசை என்றால் தளம். உராய்வு என்றாலும் அதே தளம்தான். இழுவிசை என்றால் கயிறு. பதில் சொல்ல முடியாத அம்பை அழித்துவிடுங்கள். பொருள் கீழே போகிறது என்பதற்காகக் கீழ்நோக்கி ஓர் அம்பு வரைய முடியாது. போவது இயக்கம், விசை அல்ல.

திசைகளில் எடை மட்டும் எப்போதும் நேராகத் தரையை நோக்கி இருக்கும், தளம் எப்படிச் சாய்ந்திருந்தாலும் சரி. செங்குத்து விசை N தளத்துக்குச் செங்குத்தாக, தளத்தை விட்டு வெளிப்பக்கம் இருக்கும். உராய்வு தளத்தோடு ஒட்டியே செல்லும். பொருள் எந்தப் பக்கம் சறுக்குகிறதோ, அல்லது சறுக்கப் பார்க்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்.

அச்சுகளைச் சாய்த்தல்

x அச்சைத் தளத்தின் வழியாகவும் y அச்சைத் தளத்துக்குச் செங்குத்தாகவும் வையுங்கள். கிடை, நெடு என்று வழக்கம்போல அச்சு வைத்தாலும் விடை வரும். ஆனால் அப்போது N, உராய்வு, முடுக்கம் என்று மூன்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். சாய்த்து வைத்தால் பிரிக்க வேண்டியது எடை ஒன்றுதான். பொருள் தளத்தை விட்டு எழும்புவதும் இல்லை, அதற்குள் புகுவதும் இல்லை என்பதால் y திசையில் முடுக்கம் சுழி.

எடை தரைக்குச் செங்குத்து, y அச்சு சாய்தளத்துக்குச் செங்குத்து. தரைக்கும் சாய்தளத்துக்கும் இடையே கோணம் θ என்றால், அவற்றின் செங்குத்துகளுக்கு இடையிலும் அதே θ. எனவே:

தளத்தின் வழியே கீழ்நோக்கி: mg sin θ
தளத்துக்குள் அழுத்தும் திசையில்: mg cos θ

எது சைன், எது கொசைன் என்று குழம்பினால் மனப்பாடம் செய்யாதீர்கள், தளத்தைப் படுக்க வையுங்கள். θ = 0 என்றால் பொருள் சறுக்காது; ஆகவே தளத்தின் வழியே உள்ள கூறு சுழியாக வேண்டும். sin 0 = 0. முடிந்தது.

பிரித்த கூறுகளைப் புள்ளிக்கோட்டில் வரையுங்கள். mg, mg sin θ, mg cos θ மூன்றையும் அழுத்தமான அம்புகளாகப் போட்டால் ஒரே எடையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

செய்து காட்டிய கணக்கு

37° சாய்தளத்தில் 5 kg மரப்பெட்டி கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கிறது. இயக்க உராய்வுக் குணகம் 0.25. முடுக்கம் என்ன?

படத்தின் அளவு: 1 cm = 10 N. எடை 50 N; எனவே நேராகக் கீழே 5 cm அம்பு. தளத்தின் வழியே அதன் கூறு 50 × 0.6 = 30 N, புள்ளிக்கோட்டில் 3 cm. தளத்துக்குள் 50 × 0.8 = 40 N, அதுவும் புள்ளிக்கோட்டில், 4 cm. y திசையில் சமநிலை என்பதால் N = 40 N; வெளிப்பக்கம் 4 cm அம்பு. உராய்வு 0.25 × 40 = 10 N. பெட்டி கீழே போவதால் உராய்வு மேல்நோக்கி, 1 cm.

கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுத்தால்:

30 − 10 = 5a
a = 4 m/s², தளத்தின் வழியே கீழ்நோக்கி

ஒரு சோதனை. உராய்வே இல்லாவிட்டால் a = g sin θ = 6 m/s² வந்திருக்கும். நமக்கு அதைவிடக் குறைவாக வந்திருக்கிறது, சரிதான். 6-க்கு மேல் வந்திருந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றும் கவனியுங்கள்: mg sin θ − μ mg cos θ = ma என்று எழுதினால் m அடிபட்டுப் போகிறது. 50 kg பெட்டிக்கும், குணகம் அதுவேயானால், இதே 4 m/s² தான்.

கணக்குகள்

1. 30° சாய்த்த மேசைப் பலகையில் 2 kg புத்தகக் கட்டு ஓய்வில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7. விசைப்படம் வரைந்து, கட்டின் மேல் செயல்படும் உராய்வு விசையைக் காண்க. (3)

2. தளத்தில் கீழ்நோக்கிச் சறுக்கும் கட்டைக்கு ஒரு மாணவி வரைந்த படத்தில், அழுத்தமான கோட்டில் ஆறு அம்புகள் இருக்கின்றன: நேராகக் கீழே mg, நேராக மேலே N, தளத்தின் வழியே மேல்நோக்கி உராய்வு, தளத்தின் வழியே கீழ்நோக்கி mg sin θ, தளத்துக்குள் mg cos θ, தளத்தின் வழியே கீழ்நோக்கி ‘இயக்க விசை’. பிழைகளைச் சொல்லி, படத்தைத் திருத்தி வரைக. (3)

3. செய்து காட்டிய கணக்கின் அதே பெட்டி, அதே தளம். இப்போது பெட்டியை 4 m/s வேகத்தில் மேல்நோக்கித் தள்ளி விட்டுவிடுகிறோம். (அ) மேலே ஏறும்போது முடுக்கம் என்ன? (ஆ) எவ்வளவு தூரம் ஏறும்? (இ) ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.3 என்றால், பெட்டி அங்கேயே நிற்குமா, திரும்பி இறங்குமா? (ஈ) இறங்கினால், புறப்பட்ட இடத்தை எந்த வேகத்தில் கடக்கும்? (5)
தள்ளி முடித்த பிறகு கையின் விசை படத்தில் வராது. ஏறும் படமும் இறங்கும் படமும் தனித்தனியாக வேண்டும்.

4. உராய்வற்ற 37° சாய்தளத்தில் உள்ள 5 kg கட்டையை, 50 N கிடைத்தள விசை தளத்தை நோக்கித் தள்ளுகிறது. செங்குத்து விசையையும் முடுக்கத்தையும் காண்க. (4)
இந்தக் கணக்கில் இரண்டு விசைகளைப் பிரிக்க வேண்டும். N = mg cos θ என்று பழக்கத்தில் எழுதிவிடுவோருக்காகவே இது வைக்கப்பட்டிருக்கிறது.

5. 37° சாய்தளத்தில் 5 kg கட்டை. அதில் கட்டிய கயிறு தளத்தின் உச்சியில் உள்ள உராய்வற்ற, நிறையற்ற கப்பியின் மேல் சென்று, மறுமுனையில் 5 kg எடைக்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறது. கட்டைக்கும் தளத்துக்கும் ஓய்வுநிலைக் குணகம் 0.3, இயக்கக் குணகம் 0.25. (அ) ஓய்விலிருந்து விட்டால் நகருமா? எந்தப் பக்கம்? (ஆ) முடுக்கம், இழுவிசை காண்க. (இ) 5 kg எடைக்கல்லுக்குப் பதில் 3 kg தொங்கவிட்டால் உராய்வு விசை எவ்வளவு? (5)

6. நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறும் பாதையில், ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் இடங்கள் உண்டு. எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. கணக்குக்காக எஞ்சினின் நிறை 50,000 kg, பெட்டிகளின் நிறை 60,000 kg என்று வைத்துக்கொள்வோம். sin θ = 0.083, cos θ = 1 எனக் கொள்க. பெட்டிகளின் சக்கரங்களில் உள்ள தடையை விட்டுவிடுங்கள். (அ) மாறா வேகத்தில் ஏற, தளத்தின் வழியே மேல்நோக்கி எவ்வளவு விசை வேண்டும்? (ஆ) அந்த விசை எஞ்சின் சக்கரங்களின் உராய்விலிருந்து மட்டுமே வர வேண்டும் என்றால், காய்ந்த தண்டவாளத்தில் (μ = 0.2) கிடைக்குமா? மழையில் (μ = 0.1)? (3)

7. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் தன் சாய்தளச் சோதனையை விவரிக்கிறார். ஏறத்தாழ 12 முழ நீள மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் வெட்டி, ஒரு முனையை ஒன்றிரண்டு முழம் உயர்த்தி, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். நேரத்தை, பாத்திரத்திலிருந்து வடிந்த நீரை எடைபோட்டு அளந்தார். sin θ = 0.1 எனக் கொண்டு, உராய்வின்றிச் சறுக்கும் பொருள் முதல், இரண்டாம், மூன்றாம் வினாடிகளில் கடக்கும் தூரங்களின் விகிதத்தைக் காண்க. (2)

விடைகள் (முடித்த பிறகு பாருங்கள்)

1. உராய்வு 10 N, மேல்நோக்கி. 0.7 × 17.4 = 12.2 N என்பது உராய்வு எட்டக்கூடிய உச்சவரம்பு மட்டுமே. கட்டு ஓய்வில் இருக்க 10 N போதும் என்பதால் அவ்வளவுதான் செயல்படும்.

2. N தளத்துக்குச் செங்குத்தாக இல்லை. எடையும் அதன் கூறுகளும் சேர்ந்து வந்துவிட்டன. ‘இயக்க விசை’யைச் செலுத்துவது எதுவும் இல்லை. திருத்திய படத்தில் அழுத்தமான அம்புகள் மூன்றுதான்.

3. (அ) உராய்வும் இப்போது கீழ்நோக்கி: 30 + 10 = 5a, a = 8 m/s² கீழ்நோக்கி. (ஆ) 16 ÷ 16 = 1 m. (இ) ஓய்வுநிலை உராய்வின் உச்சம் 12 N. கீழே இழுப்பது 30 N. எனவே இறங்கும், 4 m/s² முடுக்கத்தில். (ஈ) √8, அதாவது ஏறத்தாழ 2.8 m/s. புறப்பட்ட 4 m/s திரும்பக் கிடைக்காததற்குக் காரணம் உராய்வு.

4. N = 40 + 50 × 0.6 = 70 N. தளத்தின் வழியே: 50 × 0.8 − 30 = 5a, a = 2 m/s² மேல்நோக்கி.

5. (அ) கயிறு இழுப்பது 50 N, தளத்தின் வழியே எடை 30 N. வித்தியாசம் 20 N, உராய்வின் உச்சமான 12 N-ஐ மிஞ்சுகிறது. கட்டை மேலே நகரும். (ஆ) 50 − 30 − 10 = 10a, a = 1 m/s². எடைக்கல்லுக்கு 50 − T = 5, T = 45 N. கட்டைக்கு 45 − 30 − 10 = 5, பொருந்துகிறது. T = 50 N என்று எழுதியிருந்தால் எடைக்கல் முடுக்கமடையவே முடியாது. (இ) சுழி. 30 N இழுவிசையும் 30 N கூறும் சமம்; உராய்வுக்கு வேலையே இல்லை.

6. (அ) 1,10,000 × 10 × 0.083 = 91,300 N. (ஆ) காய்ந்திருந்தால் உச்சம் 0.2 × 5,00,000 = 1,00,000 N, மயிரிழையில் தப்பும். மழையில் 50,000 N தான், சக்கரம் வழுக்கும். N-க்கு எஞ்சினின் எடையை மட்டும் எடுத்ததைக் கவனியுங்கள். பெட்டிகள் பிடிமானம் தருவதில்லை, பாரம் மட்டும்தான். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறுவது இதனால்தான்.

7. a = 1 m/s². மொத்தத் தூரங்கள் 0.5, 2, 4.5 m, வினாடிவாரியாக 0.5, 1.5, 2.5 m. விகிதம் 1 : 3 : 5. கலிலியோவின் குண்டு சறுக்கவில்லை, உருண்டது. தட்டையான தளத்தில் வழுக்காமல் உருளும் திண்மக் கோளத்துக்கு முடுக்கம் g sin θ-வில் 5/7 பங்கு. எப்படி என்பதைச் சுழற்சி இயக்கப் பாடத்தில் பார்ப்போம். முடுக்கம் மாறிலியாக இருக்கும் வரை விகிதம் அதே 1 : 3 : 5 தான்.